கூட்டு டெபாசிட் வட்டி: யார் கணக்கில் எவ்வளவு?

"நானும் அக்காவும் சேர்ந்து டெபாசிட் போட்டோம். வட்டி முழுக்க அக்கா பான் எண்ணில் வருகிறது. பாதிப் பாதியாகக் காட்டலாமா?"

பாதி என்று விதி இல்லை. இந்திய வருமான வரியில் யார் எவ்வளவு பணம் போட்டாரோ, அந்த விகிதத்தில்தான் வட்டியும். வங்கிக்கு அது தெரியாது, முதல் பெயருக்கே முழுதும் எழுதிவிடும்.

10 லட்சத்தில் அக்கா 6, நீங்கள் 4 போட்டீர்கள், வட்டி 70,000 என்று வைத்துக்கொள்வோம். அக்கா 42,000, நீங்கள் 28,000 காட்ட வேண்டும்.

சிக்கல், வட்டியில் வங்கி முன்கூட்டியே பிடிக்கும் வரியான டிடிஎஸ்ஸில்தான். பிடித்த 7,000-மும் அக்கா பெயரில் நிற்கும். உங்கள் பங்கான 2,800 பிடித்த வரியைக் காட்டும் உங்கள் 26AS படிவத்தில் வர, உங்கள் பெயர், முகவரி, பான், காரணம் எழுதி அக்கா வங்கியில் உறுதிமொழி தரவேண்டும். ஆண்டுத் தொடக்கத்திலேயே கொடுப்பது நல்லது. கிளையில் சிலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

அக்கா தன் 42,000-ஐ மட்டும் காட்டினால், வருமான வரித் தளத்தில் உள்ள ஆண்டுத் தகவல் அறிக்கையான ஏஐஎஸ்ஸோடு பொருந்தாது. அங்கே `Information relates to other PAN/Year` என்பதைத் தேர்ந்து உங்கள் 28,000-ஐக் குறிக்கட்டும். பணம் போட்ட வங்கிப் பதிவுகளை இருவரும் பத்திரமாக வையுங்கள்.

அப்புறம், கணவர் மனைவிக்குச் சும்மா கொடுத்த பணமென்றால் இந்தப் பிரிப்பு செல்லாது; அந்த வட்டி கணவர் வருமானத்தோடுதான் சேரும்.