சச் ஆஸ் போட்ட பிறகு எட்செட்ரா எதற்கு?

"பெங்களூருவில் அபார்ட்மென்ட்களுக்கு பம்ப், மோட்டார் சர்வீஸ் செய்கிறேன். ஆண்டுப் பராமரிப்புக்கான கொட்டேஷனை ஆங்கிலத்தில்தான் கேட்கிறார்கள். டைப் செய்து தருபவர் எல்லா வரியிலும் சச் ஆஸ் போட்டு, கடைசியில் எட்செட்ராவும் சேர்க்கிறார். இரண்டும் சேர்ந்து வரக்கூடாது, சச் ஆஸுக்குப் பதில் லைக் எழுதுவதும் தப்பு என்கிறாள் என் மகள். யார் சொல்வதைக் கேட்பது?"
— ஒரு வாசகர், பெங்களூரு

உங்கள் மகள் சொல்வதில் முதல் பாதி முழுக்கச் சரி. லைக் விஷயத்தில் கொஞ்சம் கடுமையாகச் சொல்கிறார், ஆனால் உங்கள் தொழிலுக்கு அந்தக் கடுமை நல்லதுதான். டைப் செய்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். அவர் எழுதித் தரும் வரியில் இலக்கணப் பிழை மட்டும் இல்லை, உங்கள் பணமும் அதில் மாட்டியிருக்கிறது.

உங்கள் கொட்டேஷனில் பெரும்பாலும் இப்படி ஒரு வரி இருக்கும்:

```
Minor repairs such as seal replacement, bearing change, etc. are included.
```

சச் ஆஸ் என்று எழுதியதுமே, வரப்போவது சில உதாரணங்கள்தான், முழுப் பட்டியல் இல்லை என்று படிப்பவருக்குத் தெரிந்துவிடுகிறது. எட்செட்ரா சொல்வதும் அதையேதான்: இன்னும் இருக்கிறது. தமிழில் 'சீல், பேரிங் போன்றவை முதலியன' என்று யாரும் எழுத மாட்டோம். ஆங்கிலத்தில் மட்டும் அது கண்ணை உறுத்தாமல் போய்விடுகிறது, அவ்வளவுதான். ஆகவே இரண்டில் ஒன்றை எடுத்துவிட வேண்டும். எட்செட்ராவை எடுத்தால் வரி இப்படி ஆகும்:

```
Minor repairs such as seal replacement and bearing change are included.
```

இங்கே பலரும் சறுக்குகிறார்கள். எட்செட்ராவை அழித்துவிட்டு, அதற்கு முன்னால் இருந்த கமாவை அப்படியே விட்டுவிடுகிறார்கள். பட்டியலின் கடைசிப் பொருளுக்கு முன் ஓர் 'அண்ட்' வர வேண்டும். எட்செட்ரா இருந்தபோது அது தேவைப்படவில்லை, ஏனென்றால் அந்த லத்தீன் சொல்லின் முதல் பாதிக்கே 'மற்றும்' என்றுதான் பொருள். 'அண்ட் எட்செட்ரா' என்று எழுதுவது தப்பாவதும் அதனால்தான். ஈ.ஜி. என்று சுருக்கமாக எழுதுவதும் 'உதாரணமாக' என்பதுதான். அதற்குப் பின்னாலும் எட்செட்ரா வேண்டாம்.

சரி, இலக்கணம் முடிந்தது. இனி பணம்.

இப்படி ஒரு வரியால் வந்த சச்சரவு ஒன்று என் மேசைக்கு வந்தது. கோடையில் போர்வெல்லில் தண்ணீர் இறங்கிவிட்டது. பம்ப் தண்ணீர் இல்லாமலே ஓடி, மோட்டார் காயில் எரிந்துவிட்டது. அடுக்குமாடிச் சங்கத்தின் செயலாளர் சர்வீஸ்காரரைக் கூப்பிட்டு, ஒப்பந்தத்தில் எட்செட்ரா இருக்கிறதே, காயில் கட்டுவதும் அதில் அடங்கும், தனியாக பில் போடாதீர்கள் என்றார். சர்வீஸ்காரருக்குத் தூக்கிவாரிப்போட்டது. சீல் எங்கே, காயில் எங்கே?

நிதானமாகப் பார்த்தால் செயலாளர் சொன்னது வம்புக்காகச் சொன்னதில்லை. எட்செட்ராவைப் படிப்பவர், முன்னால் சொன்ன பொருள்களுக்குள் பொதுவாக என்ன இருக்கிறது என்று தேடுவார், அதே இனத்தில் மற்றவற்றைச் சேர்த்துக்கொள்வார். சீலுக்கும் பேரிங்குக்கும் பொது என்ன? சர்வீஸ்காரர் கண்ணுக்கு இரண்டும் ஓடி ஓடித் தேயும் சின்ன உதிரிபாகங்கள். செயலாளர் கண்ணுக்கு இரண்டும் பம்பைக் கழற்றிச் செய்யும் வேலைகள், காயில் கட்டுவதும் கழற்றித்தானே செய்கிறார்கள்? இரண்டு படிப்புக்கும் அந்த வரி இடம் கொடுக்கிறது. சட்டத்திலும் இதற்கு ஒரு பழைய விதி உண்டு. குறிப்பான பொருள்களை அடுத்து ஒரு பொதுச் சொல் வந்தால், அதை அந்தப் பொருள்களின் இனத்துக்குள் அடக்கிப் படிக்க வேண்டும் என்பார்கள். ஆனால் இனம் எது என்பதிலேயே சண்டை என்றால் அந்த விதி உங்களைக் காப்பாற்றாது. மேலும், வாசகம் இரண்டு பொருள் தந்தால் எழுதிக் கொடுத்தவருக்கு எதிராகப் படிக்கும் வழக்கமும் உண்டு. கொட்டேஷனை எழுதிக் கொடுத்தவர் நீங்கள்.

'மைனர்' என்று போட்டிருக்கிறோமே என்று கேட்பீர்கள். எது சிறு பழுது என்று அந்த வரியில் எங்கே சொல்லியிருக்கிறது? அந்த உதாரணங்கள்தான் அதற்கு அளவு, அளவுகோலையே எட்செட்ரா நீட்டிவிடுகிறது.

ஆகவே மேலே திருத்திக் காட்டிய இரண்டாவது வரியைக்கூட விலை சொல்லும் இடத்தில் எழுதாதீர்கள். இலக்கணப்படி அதில் குறை இல்லை. ஆனால் சச் ஆஸும் ஒரு திறந்த கதவுதான். உங்கள் நிறுவனத்தைப் பற்றி எழுதும் முதல் பக்கத்தில், நாங்கள் இன்னின்ன வேலைகள் செய்கிறோம் என்று சொல்ல சச் ஆஸ் நன்றாகப் பொருந்தும். அங்கே பட்டியல் திறந்திருந்தால் உங்களுக்கு நல்லது. பணம் பேசும் பக்கத்தில் பட்டியலை மூடிவிடுங்கள்:

```
Included: mechanical seal, bearings, gland packing, capacitor.
Not included: motor rewinding, impeller, starter panel.
```

இது ஒரு மாதிரிதான். எது உள்ளே, எது வெளியே என்பதை உங்கள் விலையை வைத்து நீங்களே முடிவு செய்யுங்கள். ஒவ்வொன்றிலும் கூலி மட்டுமா, உதிரிபாகமும் சேர்த்தா என்பதையும் எழுதிவிடுங்கள். 'சீல் ரீப்ளேஸ்மென்ட்' என்று மொட்டையாக எழுதினால் சீலின் விலை யார் தலையில் என்று அடுத்த சண்டை தொடங்கும்.

இனி லைக். கண்டிப்பானவர்கள் சொல்லும் வேறுபாடு இது: சச் ஆஸுக்குப் பின் வரும் பொருள் அந்தக் கூட்டத்துக்குள்ளே இருக்கிறது, லைக்குக்குப் பின் வருவது ஒப்புமைக்கு மட்டும், அது கூட்டத்தில் இல்லாமலும் போகலாம். இந்த வரியைப் பாருங்கள்:

```
Pumps like the 5 HP pump in Block A are covered.
```

ஏ பிளாக் பம்ப் ஒப்பந்தத்தில் உண்டா, அல்லது அதைப் போன்ற மற்ற பம்புகளுக்கு மட்டும்தானா? பெரும்பாலானவர்கள் உண்டு என்றே படிப்பார்கள். இன்றைய ஆங்கில அகராதிகளும் லைக்கை உதாரணம் சொல்லப் பயன்படுத்துவதை ஏற்றுக்கொள்கின்றன. நல்ல எழுத்தாளர்களும் அப்படி எழுதுகிறார்கள். எனவே வாட்ஸ்அப்பிலோ, விளம்பரத் துண்டிலோ, வாடிக்கையாளருக்கு எழுதும் சாதாரணக் கடிதத்திலோ லைக் வந்தால் தப்பு என்று யாரும் உங்களைக் குற்றம் சொல்ல முடியாது. கையெழுத்துப் போடும் காகிதத்தில் மட்டும், சொன்ன பொருள் உள்ளே இருக்கிறது என்றால் சச் ஆஸ், ஒத்திருப்பவை மட்டும் என்றால் 'சிமிலர் டு' என்று எழுதுங்கள். இன்னும் நல்லது, எத்தனை பம்ப், எந்த பிளாக், எத்தனை ஹெச்.பி. என்று எண்ணி எழுதிவிடுவது. அப்புறம் சச் ஆஸும் வேண்டாம், லைக்கும் வேண்டாம்.

எட்செட்ரா எங்குமே கூடாதா என்றால், ஓர் இடம் உண்டு. அடுத்து வருவது என்ன என்று படிப்பவர் யாராக இருந்தாலும் ஒரே மாதிரி சொல்ல முடிகிற வரிசை அது. முதல் மாடி, இரண்டாம் மாடி, மூன்றாம் மாடி, எட்செட்ரா என்றால் நான்காம் மாடிதான் அடுத்தது, சந்தேகமே இல்லை. ஜனவரி, பிப்ரவரி, மார்ச் என்று போனாலும் அப்படியே. அங்கே சச் ஆஸ் இல்லாமல் எட்செட்ரா மட்டும் நிற்கலாம். ஆனால் வரிசை போலத் தெரிவதெல்லாம் வரிசை இல்லை, இதைக் கொஞ்சம் கவனமாகப் பாருங்கள். பம்பை மேடையில் இறுக்கும் போல்ட்டுகளை M8, M10, M12, எட்செட்ரா என்று எழுதுகிறீர்கள். இரண்டு இரண்டாகக் கூடுகிறது, அடுத்தது M14 என்று சங்கத்தின் கணக்குப் பிள்ளை நினைப்பார். போல்ட் கடைக்காரர் M16 என்பார், ஏனென்றால் மெட்ரிக் அளவுகளில் முதல் தேர்வாக வைத்திருக்கும் வரிசை M12-இலிருந்து M16-க்குத் தாவுகிறது. M14 இருக்கிறது, ஆனால் அது இரண்டாம் தேர்வு, எல்லாக் கடையிலும் கிடைக்காது. படிக்கும் இருவர் அடுத்ததை வேறு வேறாகச் சொல்வார்கள் என்றால் அங்கே எட்செட்ராவுக்கு இடமில்லை. கடைசி அளவு வரை எழுதுங்கள், அல்லது 'M8 டு M16' என்று இரண்டு எல்லையையும் சொல்லிவிடுங்கள்.

இந்த டைப் செய்து தருபவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நம் ஊரில் கொட்டேஷன், ஒப்பந்தம், டெண்டர் காகிதம் தயாரித்துத் தருகிறோம் என்று கடை போட்டிருப்பவர்களில் பலர், யாரோ எதற்கோ எழுதிய ஒரு ஃபைலைத் திறந்து பெயரை மட்டும் மாற்றித் தருகிறார்கள். காகிதம் கனமாகத் தெரிய வேண்டும் என்பதற்காக வரிக்கு வரி எட்செட்ரா. இன்னும் படித்தவர் போலக் காட்ட நினைப்பவர் 'இன்க்ளூடிங் பட் நாட் லிமிடெட் டு' என்று ஒன்றைச் சொருகுவார். இதைக் கண்டால் உடனே அடியுங்கள். வேலை வாங்குபவர் தன் பாதுகாப்புக்கு எழுதுகிற வாசகம் அது: சொன்னது மட்டுமல்ல, சொல்லாததும் உங்கள் பொறுப்பு என்று பொருள். வேலை செய்து கொடுப்பவர் தன் கொட்டேஷனிலேயே அதை எழுதுவது வெற்றுக் காசோலையில் கையெழுத்துப் போடுவதற்குச் சமம். 'ஸ்டாண்டர்ட் ஃபார்மேட் சார், மாத்தக்கூடாது' என்று சொல்வார்கள். அப்படி ஒரு விதியும் இல்லை. உங்கள் கொட்டேஷன் உங்கள் வாக்கு, ஒவ்வொரு சொல்லையும் மாற்ற உங்களுக்கு உரிமை இருக்கிறது.

ஆனால் அவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அரசு டெண்டர் ஆவணங்களிலேயே வேலை விவரத்தில் 'சச் ஆஸ்... எட்செட்ரா' சர்வசாதாரணமாக வருகிறது. ஒரு ரூபாய் கணக்குக்கு நான்கு கையெழுத்து கேட்கும் அலுவலகம், எந்த வேலைக்கு அந்த ரூபாய் என்பதை எட்செட்ராவில் விட்டுவிடுகிறது. எனக்கு இது ஆறவே இல்லை. பள்ளியிலும் தெரிந்தது தீர்ந்துபோன இடத்தில் எட்செட்ரா போட்டால் மதிப்பெண் குறைவதில்லை, அந்தப் பழக்கம்தான் ஒப்பந்தம் வரை வந்து நிற்கிறது. டெண்டரில் அப்படி ஒரு வரியைப் பார்த்தால் நீங்களாகத் திருத்த முடியாது. விலை போடுவதற்கு முன், ப்ரீ-பிட் கூட்டத்திலோ அதற்கான காலக்கெடுவுக்குள்ளோ எழுத்தில் கேளுங்கள்: எட்செட்ராவில் எவை அடங்கும்? பதில் திருத்த அறிவிப்பாக எழுத்தில் வர வேண்டும். வாய்வார்த்தையாக ஜூனியர் இன்ஜினியர் சொன்னதை நம்பி விலை போடாதீர்கள்.

ஏற்கெனவே கையெழுத்தான ஒப்பந்தங்களில் அந்த வரி இருக்கும், இல்லையா? அவற்றைப் புதுப்பிக்கும் வரை காத்திருக்க வேண்டாம். எவை உள்ளே, எவை வெளியே என்று இரண்டு வரிப் பட்டியலை ஒரு கடிதமாகச் சங்கத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பி, செயலாளரிடமிருந்து 'ஒப்புக்கொள்கிறோம்' என்று பதில் வாங்கி வையுங்கள். எல்லா மோட்டாரும் ஓடிக்கொண்டிருக்கும்போதே அனுப்பிவிடுங்கள். ஒன்று எரிந்த பிறகு அனுப்பினால் அந்தப் பட்டியலை யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.