எட்டு நம்பர் ஓட்டோ

ஐயா, வணக்கம். நான் வட்டக்கச்சி. ஓட்டோ ஓடிப் பிழைக்கலாம் என்று பரந்தனில் ஒரு பழைய வண்டி பார்த்து விலையும் பேசிவிட்டேன். நம்பர் என்பி ஏபிஎச் 2573. கூட்டினால் எட்டு. நான் பிறந்தது 26ஆம் திகதி, அதுவும் எட்டு. எட்டுக்காரன் எட்டு வாகனம் எடுத்தால் ஒன்றில் ஆள் போகும், இல்லாவிட்டால் வண்டி போகும் என்று சாத்திரியார் சொல்லிவிட்டார். அண்ணா மோட்டார் சைக்கிளில் போய்ச் செத்ததும் எட்டு நம்பரில்தான். அம்மா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. நீங்கள் ஒரு காலத்தில் எண் சாத்திரம் பார்த்தவர் என்று மாமா சொன்னார். எடுக்கலாமா, விடலாமா?

அன்புள்ள தம்பி,

உங்கள் மாமா சொன்னது உண்மை. பல வருசம் பார்த்தேன், நம்பித்தான் பார்த்தேன். விட்டது ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் உங்கள் வண்டியைப் பார்ப்போம். (கடிதத்தில் இருந்த உண்மையான இலக்கத்தை மாற்றித்தான் இங்கே போட்டிருக்கிறேன். உங்களைச் சிக்க வைத்த எட்டு மட்டும் கெடாமல் பார்த்துக்கொண்டேன்.)

சாத்திரியார் செய்த கணக்கு இது. 2, 5, 7, 3 கூட்டினால் 17. ஒன்றும் ஏழும் எட்டு. உங்கள் பிறந்த திகதி 26, இரண்டும் ஆறும் எட்டு. எட்டு சனியின் எண். எட்டில் பிறந்தவருக்கு எட்டும் ராகுவின் நாலும் விலக்கு. ஒன்று, மூன்று, ஐந்து, ஆறு ஏற்றவை. இதுவரை அவர் சொன்னது அந்தச் சாத்திரத்தின்படி பிழையில்லை.

ஆனால் அவர் எழுத்துகளை விட்டுவிட்டார். ஏன் விட்டார் என்று கேட்டீர்களா? எங்கள் நாட்டு இலக்கத்தகட்டில் நாலு இலக்கத்துக்கு முன் ஆங்கில எழுத்துகள் நிற்கின்றன. பெயருக்கு எண் பார்க்கும் அதே சாத்திரம் வண்டியின் எழுத்துக்கும் எண் கொடுக்கத்தானே வேண்டும்? அப்படிச் சேர்த்துக் கூட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அதற்கு இரண்டு அட்டவணைகள் நடைமுறையில் உள்ளன. எங்கள் பக்கத்தில் கூடப் புழங்குவது கல்தேய முறை. கீரோ என்ற பெயரில் எழுதிய அயர்லாந்துக்காரர் (1866–1936) பரப்பியது. அதில் ஏ ஒன்று, பி இரண்டு, எச் ஐந்து. ஒன்பது எந்த எழுத்துக்கும் கிடையாது. மற்றது பைதகரஸ் பெயரில் வழங்குவது. அதில் எழுத்துகளை வரிசைப்படி ஒன்று முதல் ஒன்பது வரை எண்ணி, திரும்ப ஒன்றில் தொடங்குவார்கள். அப்போது எச் எட்டு.

உங்கள் வண்டியைக் கல்தேய முறையில் பார்த்தால் ஏபிஎச் எட்டு. 17உடன் சேர்த்தால் 25, அதாவது ஏழு. மற்ற முறையில் ஏபிஎச் 11. மொத்தம் 28, அது 10 ஆகி ஒன்றில் முடியும். ஒன்று உங்களுக்கு ஏற்ற எண். மாகாணத்தைக் குறிக்கும் என்பியும் தகட்டில்தானே இருக்கிறது என்று அதையும் சேர்த்தால், கல்தேயத்தில் 38 வந்து இரண்டாகும். மற்றதில் 40 வந்து நாலாகும். நாலு விலக்கு. இதே ஓட்டோ அனுராதபுரத்தில் பதிவாகி என்சி என்று நின்றிருந்தால் கல்தேயத்தில் 33, ஆறு. ஆறு நல்லது. அதே வண்டி, அதே என்ஜின். பதிந்த மாகாணம் மட்டும் வேறு. புதிதாகக் கொடுக்கும் தகடுகளில் இப்போது மாகாண எழுத்தே இல்லை. அரசாங்கம் அந்த எழுத்துகளை எடுத்ததும் சனியும் ராகுவும் இடம் மாறிவிட்டார்கள் என்றா கொள்வது?

என்சியை விட்டாலும் ஒரு தகட்டுக்கு எட்டு, ஏழு, ஒன்று, இரண்டு, நாலு என்று ஐந்து விடை. இதில் எது சரி என்று முடிவு செய்யும் விதி சாத்திரத்துக்குள் இல்லை. பார்க்கிறவர் தனக்குப் பழகியதை எடுக்கிறார். ஐந்து வழியில் பார்க்கலாம், இரண்டு எண் கெட்டவை என்றால், ஏதாவது ஒரு வழியிலாவது கெட்டது விழுவதற்கு உள்ள வாய்ப்பைக் கணக்குப் பண்ணிப் பாருங்கள். ஒரு வழியில் தப்ப ஒன்பதுக்கு ஏழு. ஐந்திலும் தப்ப அந்த ஏழின் கீழ் ஒன்பதை ஐந்து தரம் பெருக்க வேண்டும். நூற்றுக்கு 28 அளவில்தான் வரும். பத்து வண்டியில் ஏழில், விபத்து நடந்த பிறகு தேடினால், ஒரு கெட்ட எண்ணைக் கண்டுபிடித்துவிடலாம். ‘அப்பவே சொன்னேன்’ என்ற பேச்சு இப்படித்தான் எப்போதும் பலிக்கிறது.

சாத்திரத்துக்குள்ளேயே நின்றாலும் உங்கள் சாத்திரியார் பாதிதான் படித்திருக்கிறார். தனி எண் மட்டும் போதாது, அது எந்தக் கூட்டு எண்ணிலிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும் என்றுதான் கீரோவே எழுதினார். எட்டாக முடியும் 17, 26, 35 மூன்றும் அவருக்கு ஒன்றல்ல. 26ஐயும் 35ஐயும் கூட்டாளிகளால் நட்டம் வரும் எச்சரிக்கை எண்களாக வைத்தார். 17ஐ நட்சத்திர எண் என்றார், கஷ்டங்களைத் தாண்டி மேலே வருகிறவனுடைய எண். உங்கள் வண்டி 17. இதை உங்களைத் தேற்ற எழுதவில்லை. அந்தப் புத்தகத்தின் அளவுகோலாலேயே, ‘எட்டு, ஆகையால் சாவு’ என்ற தீர்ப்பு நிற்காது என்பதைக் காட்டவே எழுதுகிறேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2573இல் இரண்டையும் ஏழையும் சேர்த்தால் ஒன்பது. அதைத் தள்ளிவிட்டு ஐந்தையும் மூன்றையும் கூட்டுங்கள், எட்டுத்தான் வரும். எந்த இலக்கத்திலும் ஒன்பதைத் தள்ளலாம், விடை மாறாது. ஏனென்றால் ஒற்றை இலக்கமாகக் கூட்டுவது என்பது ஒன்பதால் வகுத்து மீதியைப் பார்ப்பதுதான்; மீதி இல்லாவிட்டால் ஒன்பது. ஆகவே 0001 முதல் 9999 வரை எழுதினால் எட்டாக முடிபவை சரியாக 1111. ஒன்றாக, இரண்டாக முடிபவையும் தலா 1111தான். பரந்தன் சந்தி ஸ்ராண்டில் 36 ஓட்டோ நின்றால் நாலு பேர் அளவில் எட்டு நம்பரில் ஓடிக்கொண்டிருப்பார்கள். அவர்களில் எவரும் இன்றைக்கு உயிரோடு சவாரி போனதைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை.

அண்ணாவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அந்த இழப்பை வைத்து உங்களோடு வாதாட எனக்கு மனமில்லை. ஆனாலும் அம்மா வீட்டில் இல்லாத நேரம் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் சொந்தக்காரர், அயல்காரர் வைத்திருக்கும் வாகனங்களின் நாலு இலக்கத்தை மட்டும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். எட்டாக வருவதா இல்லையா என்று முதலில் குறித்து முடியுங்கள். அதன் பிறகே எது அடிபட்டது, எது அடிபடவில்லை என்று விசாரியுங்கள். இந்த ஒழுங்கு முக்கியம். விபத்தை முதலில் கேட்டால் கை தானாகவே எழுத்துகளையும் கூட்டத் தொடங்கிவிடும். எட்டில் அடிபட்டது, எட்டில் அடிபடாதது, மற்றதில் அடிபட்டது, மற்றதில் அடிபடாதது என்று நாலு கட்டம் வரும். அம்மா இன்றைக்குப் பார்ப்பது முதல் கட்டத்தை மட்டும். துக்கம் அங்கே இருப்பதால் கண்ணும் அங்கேயே நிற்கிறது.

இனி என் கதை. 2002இல் ஏ9 பாதை திறந்த பிறகு வன்னிக்குள் மோட்டார் சைக்கிள்கள் வரத் தொடங்கின. அதுவரை மண்ணெண்ணெயில் ஓடிய பழைய வண்டிகளோடு கிடந்த சனம். நண்பர் ஒருவர் இரண்டு வண்டி பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். ஒன்று எட்டு, மற்றது ஆறு. ஆறை எடுக்கச் சொன்னேன். எடுத்தார். பெயர் மாற்ற வவுனியாவுக்குப் போன இடத்தில்தான் தெரிந்தது, என்ஜினில் அடித்திருந்த இலக்கமும் வண்டியின் பதிவுப் புத்தகத்தில் இருந்த இலக்கமும் வேறு வேறு. விற்றவர் கைக்குக் கிடைக்கவில்லை. நண்பரின் மனைவி தாலிக்கொடி அடகு வைத்துக் கொடுத்த காசு அது. இரண்டு வண்டியிலும் நான் பார்த்தது தகட்டை மட்டும். குனிந்து என்ஜினைப் பார்த்திருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும். அதன் பிறகு நான் யாருக்கும் எண் பார்த்ததில்லை.

2009க்குப் பிறகு வெள்ளமுள்ளிவாய்க்கால் பக்கம் துருப்பிடித்துக் குவிந்து கிடந்த வாகனங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒன்றில் தொடங்கி ஒன்பது வரை எல்லா எண்ணும் அங்கே கிடந்தது. சாத்திரம் பார்த்து எடுத்தவையும் கிடந்தன, பார்க்காமல் எடுத்தவையும் கிடந்தன.

இலக்கத்தகட்டின் எழுத்து எங்களுக்கு ஒரு காலம் உண்மையாகவே பாரமாக இருந்தது. 1950களின் பிற்பகுதியில் வாகனத் தகடுகளில் சிங்கள ஸ்ரீ வந்ததற்கு எதிராகத் தார் பூசினார்கள் எங்கள் ஆட்கள். அந்த எழுத்துக்கு இந்த ஆங்கில அட்டவணைகளில் எண்ணே கிடையாது.

இப்போது வண்டிக்கு வருகிறேன். 2020இல் இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய ஓட்டோவின் விலை ஏறியது உங்களுக்குத் தெரியும். எட்டு நம்பர் என்ற பயத்தில் வேறு யாரும் எடுக்கவில்லையென்றால் விலையைக் குறைத்துப் பேச உங்களுக்கு இடமிருக்கிறது. புத்தகத்தைக் கையில் வாங்கி சேசிஸ் இலக்கத்தையும் என்ஜின் இலக்கத்தையும் வண்டியில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். சுரண்டியது, திரும்ப அடித்தது போலத் தெரிந்தால் காசு கொடுக்க வேண்டாம். உரிமையாளர் பகுதியில் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால் கடன் முடிந்த கடிதம் இல்லாமல் எடுக்க வேண்டாம். பெயர் மாற்றாமல் ஓப்பின் பேப்பரில் கைமாறிக் கைமாறி வந்த வண்டி என்றால் புத்தகத்தில் உள்ள ஆளைத் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்குங்கள். பிறகு பிரேக், ஸ்டியரிங், மூன்று டயர். உங்கள் அண்ணாவின் விபத்துக்குப் பிறகு அந்த மோட்டார் சைக்கிளின் பிரேக்கை யாராவது பார்த்தார்களா?

எண்ணை மாற்ற ஒரு எழுத்தையோ இலக்கத்தையோ தகட்டில் சின்னதாக ஒட்டச் சொன்னால் ஒட்டாதீர்கள். தகட்டைத் திருத்துவது குற்றம். பொலிசார் மறிப்பார்கள், சவாரி போகும்.

அம்மாவிடம் இந்தக் கணக்கெல்லாம் சொல்லி வெல்லப் பார்க்காதீர்கள். வண்டி பார்க்கப் போகும்போது அவவையும் கூட்டிக்கொண்டு போங்கள். என்ஜின் இலக்கத்தை நீங்கள் வாசிக்க, புத்தகத்தில் உள்ளதை அவ வாசிக்கட்டும். எல்லாம் சரியாக இருந்தால், பெயர் மாற்றிய அன்றைக்கு முதல் ஓட்டம் முறிகண்டிப் பிள்ளையாரடிக்கு. சில்லுக்கு எலுமிச்சங்காய் வைத்து, தேங்காயை அவவின் கையாலேயே உடைக்கச் சொல்லுங்கள். திரும்பி வரும்போது பின் சீற்றில் அவ இருக்கட்டும், நீங்கள் மெதுவாக ஓட்டுங்கள்.