ஒரே அளவு கட்டி, ஒருவருக்கு ஊசி, இன்னொருவருக்கு டேஸ்: ஏன்?

அப்பாவுக்கு வயது 62, கல்லீரல் தழும்பேறி இறுகும் சிரோசிஸ் உள்ளது. கல்லீரலில் 2.5 செ.மீ. அளவில் ஒரே ஒரு புற்றுநோய்க் கட்டி. "ஊசி வைத்துச் சுட்டுவிடலாம்" என்கிறார்கள். உள்ளே என்ன நடக்கும்?

அவர்கள் சொல்வது ஆர்.எஃப்.ஏ., அதாவது ரேடியோ அலைவரிசை மின்சாரத்தால் கட்டியைச் சுட்டு அழிக்கும் சிகிச்சை. பெயரைக் கேட்டதும் பழுக்கக் காய்ச்சிய கம்பி என்று நினைத்துவிடுவார்கள். அப்படி இல்லை. இரண்டு தொடையிலும் பட்டைகள் ஒட்டி, ஸ்கேன் பார்த்தபடியே தோல் வழியாக ஊசியைக் கட்டியின் நடுவில் நிறுத்துவோம். நொடிக்கு நான்கைந்து லட்சம் முறை திசை மாறும் மின்சாரம் அதில் பாயும். ஊசியைச் சுற்றியுள்ள திசுவின் அயனிகள் அதோடு சேர்ந்து முன்னும் பின்னும் ஆடும்போது உரசல் உண்டாகி, திசுவே சூடேறுகிறது. 60 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் செல்கள் உடனே செத்துவிடும்.

அதற்காக ஏகத்துக்குச் சூடேற்றவும் கூடாது. 100 டிகிரியைத் தாண்டினால் திசு கருகும். கருகிய திசுவில் மின்சாரம் பாயாது, வெளி ஓரம் வேகாமலே நின்றுவிடும். அதனால் பல ஊசிகளுக்குள் குளிர்ந்த நீர் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த வகை ஊசியில் ஒரு சூடேற்றலுக்குச் சுமார் 12 நிமிடம் ஆகும்.

கட்டியோடு சேர்த்துச் சுற்றிலும் அரை முதல் ஒரு செ.மீ. வரை நல்ல திசுவும் வேக வேண்டும். உங்கள் அப்பாவின் 2.5 செ.மீ. கட்டிக்கு 3.5 செ.மீ.க்குக் குறையாத வட்டம் தேவை. 3 செ.மீ.க்கு மேற்பட்ட கட்டிகளுக்கு நாங்கள் தயங்குவது இதனால்தான்: ஒரே தடவையில் வட்டம் நிறையாது, ஓரத்தில் மிச்சம் விட்டுப்போகும்.

எங்கள் மாமாவுக்கும் ஏறக்குறைய அதே அளவுதான், 2.4 செ.மீ. ஆனால் ஊசி வேண்டாம் என்று, தமனி வழியாக மருந்து செலுத்திக் கட்டியின் ரத்த ஓட்டத்தை அடைக்கும் டேஸ் சிகிச்சை செய்தார்கள். வசதி இல்லாத மருத்துவமனையோ?

இல்லை. நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டிலேயே பதில் இருக்கிறது. பெரிய பித்தக்குழாய் பிரியும் இடத்தை ஒட்டி, குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரையின் கிளை மேல் சாய்ந்தபடி கட்டி உட்கார்ந்திருக்கிறது. அங்கே இரண்டு சிக்கல். தண்ணீர் உள்ள பாத்திரம் அடிப்பிடிக்காதது போல, ரத்தம் ஓடும் பெரிய குழாயை ஒட்டிய பக்கம் சூடேறாது. ஓடும் ரத்தம் சூட்டை வாங்கிக்கொண்டு போய்விடும், அந்தப் பக்கத்துப் புற்றுசெல்கள் தப்பிவிடும். பித்தக்குழாயோ சூட்டைத் தாங்காது. வெந்த இடம் பிறகு சுருங்கினால் பித்தம் தேங்கி மஞ்சள் காமாலை வரும். அறுவைக்கும் அவர் கல்லீரல் தாங்காது என்று எழுதியிருக்கிறார்கள். நானாக இருந்தாலும் டேஸ்தான் சொல்லியிருப்பேன்.

கல்லீரலுக்கு இரண்டு வழியில் ரத்தம் வருகிறது. முக்கால் பங்கு போர்ட்டல் சிரையிலிருந்து, மீதி தமனியிலிருந்து. இந்தப் புற்றுக்கட்டியோ பெரும்பாலும் தமனியை நம்பியே வளர்கிறது. தொடை அல்லது மணிக்கட்டுத் தமனி வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, கட்டிக்குப் போகும் கிளை வரை கொண்டுபோவோம். லிப்பியோடால் என்ற, கசகசா எண்ணெயில் அயோடின் சேர்த்த திரவத்தில் டாக்சோரூபிசின் போன்ற மருந்தைக் கலந்து செலுத்துவோம். அப்புறம் ஜெலட்டின் துகள்களால் அந்தக் கிளையை அடைத்துவிடுவோம். கட்டி பட்டினி கிடக்கும், மருந்தும் உள்ளேயே தங்கும். மற்ற கல்லீரலைப் போர்ட்டல் ரத்தம் காப்பாற்றும்.

அந்தப் போர்ட்டல் சிரையின் பிரதான குழாயே அடைத்திருந்தாலோ, காமாலை ஏறியிருந்தாலோ பொதுவாக டேஸ் கூடாது. இருக்கிற கல்லீரலும் போய்விடும். இன்னொன்றையும் மாமாவிடம் சொல்லிவிடுங்கள். சிறிய கட்டியை ஊசியால் முழுதாக அழிக்க நல்ல வாய்ப்பு உண்டு. டேஸ் பெரும்பாலும் கட்டியை அடக்கி வைக்கும் சிகிச்சை, மறுபடியும் செய்ய வேண்டி வரலாம்.

டேஸ் முடிந்து மூன்று நாளாக 101 டிகிரி காய்ச்சல், வலது விலா அடியில் வலி. சீழ் பிடித்துவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. கட்டி சாகும்போது வரும் காய்ச்சல் இது. வாந்தியும் சேர்ந்து வரலாம், ஒரு வாரத்துக்குள் தணியும். ஆனாலும் செய்தவர்களுக்குப் போன் செய்து சொல்லிவிடுங்கள். தணிந்த காய்ச்சல் நடுக்கத்தோடு திரும்பினாலோ, கண் மஞ்சளானாலோ, வயிறு வீங்கினாலோ, பேச்சு குழறினாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். முன்பு பித்தக்குழாயைக் குடலோடு இணைத்து அறுவை செய்தவர்களுக்குச் சீழ்க்கட்டி வரும் அபாயம் அதிகம்.

அம்மாவுக்கு ஆர்.எஃப்.ஏ. செய்து ஒரு மாதம். 2.2 செ.மீ. கட்டி இப்போது சி.டி.யில் 3.6 செ.மீ. என்கிறார்கள். வளர்ந்துவிட்டதா?

பயப்படாதீர்கள். அது வெந்த இடத்தின் அளவு, வேண்டுமென்றே பெரிதாக்கியது. ரிப்போர்ட்டில் பார்க்க வேண்டியது வேறு. கான்ட்ராஸ்ட் மருந்து தமனியில் ஓடும் கட்டத்தில் அந்த இடம் முழுக்கக் கருப்பாக இருக்கிறதா, ஓரத்தில் ஏதாவது பொட்டு வெள்ளையாக ஒளிர்கிறதா? முழுக்கக் கருப்பென்றால் அங்கே உயிருள்ள கட்டி தெரியவில்லை. மெல்லிய, சீரான வெள்ளை வளையம் முதல் மாதத்தில் சகஜம். ஒரு பக்கம் மட்டும் தடிப்பாக ஒளிர்ந்தால் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். இடம் தோதாக இருந்தால் அதே இடத்தில் இன்னொரு ஊசி வைக்கலாம். முதலிரண்டு வருடம் மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு ஸ்கேன் வேண்டும். அம்மாவுக்கு சிரோசிஸும் இருந்தால், கல்லீரலின் வேறு இடத்தில் புதுக் கட்டி வரலாம்.