டிவிடெண்ட் கையில் வந்தால்தான் லாபமா?

"மணலியில் கம்பெனி வேலையிலிருந்து போன வருஷம் ஓய்வு பெற்றேன். இரண்டு லட்சம் ரூபாய்க்குப் பங்கு வாங்க நினைக்கிறேன். 'ரெக்கார்டு தேதிக்கு முன்னால் வாங்கிப் போடுங்கள், டிவிடெண்ட் கையில் வந்துவிடும், விலை ஏறுவதெல்லாம் காகித லாபம்' என்கிறார் தெரிந்த தரகர். எம்.பி.ஏ. படிக்கும் மகனோ, டிவிடெண்ட் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் ஒன்றுதான் என்கிறான். யார் பேச்சைக் கேட்பது?"
(வாசகர், தண்டையார்பேட்டை)

மகன் பேச்சைக் கேளுங்கள். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவரையும் நிறுத்திக் கேள்வி கேட்க வேண்டும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. 200 ரூபாய் விலையில் 1,000 பங்கு வாங்குகிறீர்கள். கம்பெனி தன் லாபத்திலிருந்து பங்குக்கு 10 ரூபாய் டிவிடெண்ட் தருகிறது. பணம் கம்பெனியை விட்டு வெளியேறுவதால், ரெக்கார்டு தேதியன்று, அதாவது டிவிடெண்ட் யார் யாருக்கு என்று கம்பெனி பங்குதாரர் பட்டியலைப் பார்க்கும் நாளில், விலை ஏறக்குறைய 190-க்கு இறங்கும். சந்தையின் வழக்கமான ஏற்ற இறக்கத்தில் இது சில நாள் கண்ணுக்குத் தெரியாது. உங்களிடம் இப்போது 1,90,000 மதிப்புள்ள பங்கும் 10,000 ரொக்கமும் இருக்கும். கம்பெனி டிவிடெண்டே தராவிட்டால் விலை 200-லேயே நிற்கும். பணம் வேண்டுமென்றால் 50 பங்கை விற்றுக்கொள்ளலாம்: அப்போதும் 1,90,000 பங்கு, 10,000 ரொக்கம். பொருளாதார அறிஞர்கள் மில்லரும் மோடிலியானியும் 1961-ல் சொன்னது இதைத்தான்.

கையிலிருக்கும் ஒரு குருவி காட்டிலிருக்கும் இரண்டைவிட மேல் என்று வாதாடியவர்கள் வேறு இரண்டு பொருளாதார அறிஞர்கள், கார்டனும் லின்ட்னரும். எதிர்காலத்து லாபம் நிச்சயமில்லாதது, அதனால் இன்றைய டிவிடெண்டை முதலீட்டாளர் அதிகம் மதிப்பார் என்றார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் காசிமேட்டில் ஒரு விசைப்படகை நினைத்துப் பாருங்கள். டீசலுக்கும் ஐஸுக்கும் வைத்திருந்த பணத்தைப் பங்காளிகளுக்கு இன்றே பிரித்துக் கொடுத்துவிட்டால், அடுத்த முறை கடலுக்குப் போக வெளியே கடன் வாங்க வேண்டும், அல்லது புதுப் பங்காளியைச் சேர்க்க வேண்டும். மீன்பாடு கிடைக்குமா கிடைக்காதா என்ற ஆபத்து கடலில் இருக்கிறது. பணத்தை முன்னால் பிரித்ததால் அது ஒரு துளியும் குறையவில்லை. கம்பெனியும் அப்படித்தான்.

சரி, தரகர் சொன்ன வழியில் போனால் என்ன ஆகும்? 2020 ஏப்ரலிலிருந்து டிவிடெண்ட் உங்கள் வருமானத்தோடு சேர்ந்து வரிக்கு வருகிறது. 20 சதவீத வரம்பில் இருந்தால் 10,000-ல் 2,000 போய்விடும். 190-க்கு விற்றால் வரும் 10,000 நஷ்டத்தை டிவிடெண்டில் கழிக்க முடியாது. மூலதன நஷ்டத்தை மூலதன லாபத்தோடுதான் ஈடுகட்டலாம். வாங்கவும் விற்கவும் இரண்டு முறை தரகுக் கட்டணம் வேறு. நிச்சயமாகச் சம்பாதிப்பவர் அந்தத் தரகர் மட்டும்தான்.

இன்னொரு வலையையும் இவர்கள் விரிப்பார்கள்: "500 சதவீத டிவிடெண்ட்!" அது முகமதிப்பின் மேல், அதாவது கம்பெனி தன் ஏட்டில் பங்குக்குக் குறித்திருக்கும் மதிப்பின் மேல் போட்ட கணக்கு. முகமதிப்பு 2 ரூபாய் என்றால் 500 சதவீதம் வெறும் 10 ரூபாய். சந்தை விலை 1,000 ரூபாய் என்றால் உங்களுக்குக் கிடைப்பது ஒரு சதவீதம். பட்டியலிடப்பட்ட கம்பெனிகள் பங்குக்கு எத்தனை ரூபாய் என்றுதான் அறிவிக்க வேண்டும் என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி அமைப்பின் விதியே இருக்கிறது. விதி போட்டு என்ன பயன்? வாட்ஸ்அப் குழுக்களில் இன்னும் சதவீதக் கூச்சல்தான், தட்டிக் கேட்க ஆளில்லை. ஓய்வூதியப் பணத்தை இதில் தொலைத்தவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பொறுமை போய்விட்டது.

இப்போது மகனுக்கான கேள்வி. அவர் படித்த கோட்பாடு, கம்பெனி வைத்துக்கொண்ட பணத்தை ஒழுங்காகத் தொழிலில் போடும் என்று வைத்துக்கொண்டு பேசுகிறது. எல்லா முதலாளியும் அப்படிச் செய்வதில்லை. உதாரணமாக, ஒரு கம்பெனி ஐந்து வருஷத்தில் பங்குக்கு 60 ரூபாய் லாபத்தைப் பிரித்துக் கொடுக்காமல் வைத்துக்கொண்டது. அந்தக் காலத்தில் பங்குக்கான வருட லாபம் 20-லிருந்து 29 ஆனால், 60 ரூபாய் வருஷத்துக்கு 9 ரூபாய், அதாவது 15 சதவீதம் சம்பாதித்திருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் டிவிடெண்ட் கேட்காதீர்கள். 20-லிருந்து 21 மட்டும் ஆகியிருந்தால் இரண்டு சதவீதம்கூட வரவில்லை, வங்கி வைப்பைவிட மோசம். தொழில் மந்தத்தால்கூட ஒன்றிரண்டு வருஷம் இப்படி ஆகலாம் என்பதால்தான் ஐந்து வருஷமாகப் பார்க்கச் சொல்கிறேன். அப்புறம் ஆண்டறிக்கையில் தொடர்புடைய நிறுவனங்களுடனான பரிவர்த்தனைகள் என்று ஒரு பகுதி வரும். முதலாளியின் வேறு கம்பெனிகளுக்குக் கடனாகப் பணம் போயிருக்கிறதா என்று அங்கே தெரியும். போயிருந்தால் கையில் வரும் பத்து ரூபாய்தான் உங்களுக்கு மிஞ்சும். கார்டன் சொன்ன காரணம் வேறாக இருந்தாலும், அங்கே குருவி கையில் இருப்பதுதான் நல்லது. அதைவிட அந்தப் பங்கை வாங்காமலே இருப்பது இன்னும் நல்லது.

ஒரு வருஷச் செலவுக்கான பணத்தை வங்கியிலேயே வையுங்கள், விலை இறங்கிய நேரத்தில் பங்கை விற்க வேண்டிய நிலை வராது. மீதிக்கு, மனதில் உள்ள கம்பெனியின் ஐந்து வருஷ ஆண்டறிக்கையை அதன் இணையதளத்திலிருந்து எடுத்துத் தரும்படி மகனிடம் சொல்லி, இந்த இரண்டு இடத்தையும் அவரோடு உட்கார்ந்து பார்த்த பிறகு வாங்குங்கள்.