தையல் கடை சாட்பாட்டின் வரவேற்பையும் பொத்தான்களையும் தமிழில் திருத்திய விதம்

கேள்வி: எங்கள் சின்னக் கடையின் பக்கத்தில் வைத்திருக்கும் சாட்பாட், வரவேற்பையும் மெனுவையும் ஆபீஸ் நோட்டீஸ் மாதிரி நீளமாகச் சொல்கிறது. அன்பாகவும் சுருக்கமாகவும் இருக்க எப்படித் திருத்துவது?

கரூரில் என் சின்னம்மா நடத்தும் தையல் கடைக்காக இதே வேலையைச் செய்தேன். அந்தக் கடையின் வாட்ஸ்அப் எண்ணில் ஒரு பாட் ஓடுகிறது. அதை அமைத்துக் கொடுத்தவர்கள் மாதிரிக்கென்று வைத்திருந்த வாசகங்களையே அப்படியே போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். முதலில் வந்த செய்தி இது:

"வணக்கம்! எங்களைத் தொடர்பு கொண்டமைக்கு மிக்க நன்றி. தங்களுக்குச் சிறந்த சேவையை வழங்குவதில் நாங்கள் பெருமகிழ்ச்சி அடைகிறோம். தங்களுக்கு எவ்வாறு உதவ முடியும்? கீழ்க்காணும் விருப்பங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும்."

இதைச் சின்னம்மாவுக்குப் படித்துக் காட்டியபோது, "ஏங்கண்ணு, கடைக்கு வர்ற பொண்ணுககிட்ட நான் இப்படியா பேசறேன்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியையே அளவுகோலாக வைத்துக்கொண்டேன். கடை வாசலில் நின்று வாய்விட்டுச் சொல்ல முடியாத வாக்கியம் எதுவும் பாட்டில் இருக்கக் கூடாது என்று முடிவு செய்தோம்.

திருத்தத் தொடங்கும் முன் நான் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. பழைய உரையாடல்களைத் திறந்து, வாடிக்கையாளர்கள் தாங்களாகவே தட்டச்சு செய்த முதல் கேள்விகளை மட்டும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வந்தேன். ஒரு மாலை நேரம் போதுமானதாக இருந்தது. "அக்கா பிளவுஸ் ரெடியா?", "லைனிங் பிளவுஸ் தைக்க எவ்ளோ?", "அளவு பிளவுஸ் கொண்டு வரணுமா?" என்று மூன்று வகைக் கேள்விகளே திரும்பத் திரும்ப வந்தன. மெனுவில் இருந்தவையோ "எங்களைப் பற்றி", "சேவைகள்", "ஆர்டர் நிலையை அறிந்துகொள்ள" ஆகியவை. கடையைப் பற்றி அறிந்துகொள்ள வேண்டும் என்று ஒருவர்கூட அந்த எண்ணுக்கு எழுதியதில்லை. எனவே எதை நீக்குவது என்பதில் எங்களுக்குத் தயக்கமே ஏற்படவில்லை.

வரவேற்பில் இருந்த நன்றியும் பெருமகிழ்ச்சியும் எந்தக் கடைக்கும் பொருந்தும் சொற்கள் என்பதால், இந்தக் கடையைப் பற்றி அவை எதையும் சொல்லவில்லை. "தங்களுக்கு" என்ற சொல் திருமண அழைப்பிதழில் அழகாக இருக்கும், ஆனால் கைப்பேசித் திரையில் அது வாடிக்கையாளரை எட்ட நிறுத்திவிடுகிறது. எல்லாவற்றையும்விட உறைக்கச் செய்தது "தேர்ந்தெடுக்கவும்" என்பதுதான். "செருப்பை வெளியே விடவும்", "வரிசையில் நிற்கவும்" என்று பலகைகளில் படித்துப் பழகிய நமக்கு, "-வும்" என்று முடியும் வினை யாரோ ஒருவர் சுவரில் எழுதி ஒட்டிய கட்டளையாகவே கேட்கிறது. அதே வினை "-ங்கள்" என்று முடிந்தால் எதிரில் ஓர் ஆள் நின்று பேசுகிறார். பாட்டின் வாசகங்கள் முழுவதிலும் "-வும்" என்று முடிந்த ஏவல்களைத் தேடி, "அனுப்புங்கள்", "சொல்லுங்கள்", "தொடுங்கள்" என்று மாற்றியதிலேயே பாதி வேலை முடிந்துவிட்டது. முழுப் பேச்சுவழக்கில் "அனுப்புங்க", "சொல்லுங்க" என்றும் எழுதலாம், அதில் தவறில்லை. ஆனால் ஒரே செய்தியில் "அனுப்புங்க" என்றும் "பெற்றுக்கொள்ளலாம்" என்றும் கலந்து வந்தால் இரண்டு பேர் மாறி மாறிப் பேசுவது போலாகிவிடும் என்பதால், ஏதாவது ஒன்றைத் தேர்ந்து கடைசிவரை அதிலேயே நில்லுங்கள்.

வாடிக்கையாளரின் பெயரைச் சொல்லி அழைத்தால் நெருக்கமாக இருக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள், நானும் முயன்று பார்த்தேன். வாட்ஸ்அப்பில் பாட்டுக்குக் கிடைப்பது அவர் தம் கணக்குக்கு வைத்திருக்கும் பெயர் மட்டுமே. அது "அம்மா துணை" என்றோ, மூன்று பூக்களின் படமாகவோ, கணவரின் பெயராகவோ இருக்கலாம். மேலும் தமிழில் பெயரோடு வேற்றுமை உருபு ஒட்ட வேண்டும். பெயர் வரும் இடத்தில் "க்கு" என்று சேர்த்து வைத்தால், ஆங்கில எழுத்தில் இருக்கும் பெயரோடு அது ஒட்டி நின்று கண்ணை உறுத்துகிறது. எதிரில் இருப்பவரின் வயதும் தெரியாததால், "அக்கா" என்றோ "மேடம்" என்றோ பாட் அழைப்பதையும் தவிர்த்தோம். பெயரில்லாத "வணக்கம், வாருங்கள்" யாருக்கும் பொருந்துகிறது.

திருத்திய வரவேற்பு இப்படி அமைந்தது:

"வணக்கம், வாருங்கள். தைத்துக்கொண்டிருக்கும்போது போனை எடுக்க முடிவதில்லை, அதனால் இந்த முதல் பதில் தானாக வருகிறது. என்ன வேண்டும் என்று கீழே தொடுங்கள். வேறு ஏதாவது என்றால் இங்கேயே எழுதுங்கள், மாலை 6 மணிக்குள் நாங்களே பதில் சொல்கிறோம்."

இது பழையதைவிடக் குட்டையானது அல்ல, சொல்லப்போனால் சற்று நீளமே. ஆனால் இதில் வீணான வாக்கியம் இல்லை. மெஷினில் கை இருக்கும்போது போன் எடுக்க முடியாது என்பது அந்தக் கடையின் உண்மை நிலை. அதைச் சொன்னதும் வாடிக்கையாளருக்குக் காரணம் புரிந்துவிடுகிறது. பதில் தருவது தானியங்கி என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். மனிதர் எப்போது வருவார் என்பதற்கு ஒரு நேரமும் இருக்கிறது. அன்பு என்று நாங்கள் தனியாக எதையும் தூவவில்லை, இந்த மூன்று தகவல்களே அந்த வேலையைச் செய்கின்றன.

அடுத்தது மெனு. இங்கே தமிழுக்கென்று ஒரு தனிச் சிக்கல் இருப்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். பாட்டை வாட்ஸ்அப்போடு இணைக்கும் ஏபிஐ வழியாக அனுப்பும் செய்தியில் பதில் பொத்தான்கள் 3 வரை வைக்கலாம், ஒவ்வொன்றின் தலைப்பும் 20 குறிகளுக்குள் இருக்க வேண்டும். பட்டியலாக வைத்தால் மொத்தம் 10 வரிகள், ஒரு வரியின் தலைப்புக்கு 24 குறிகள். நாம் ஓர் எழுத்து என்று எண்ணுவதைக் கணினி அப்படி எண்ணுவதில்லை. "க" என்பது ஒரு குறி. "கு", "க்", "கொ" ஆகியவை ஒவ்வொன்றும் இரண்டு குறிகள். "ஆர்டர் நிலையை அறிந்துகொள்ள" என்பதில் நம் கணக்குப்படி 14 எழுத்துகளும் இரண்டு இடைவெளிகளும்தான் இருக்கின்றன, ஆனால் கணினிக்கு அது 26. அந்தப் பாட் கருவி 20-க்கு மேல் இருந்ததைத் தானே வெட்டிவிட்டதால், பொத்தானில் "ஆர்டர் நிலையை அறிந்த" என்று மட்டும் தெரிந்துகொண்டிருந்தது. "து" என்ற எழுத்தின் உகரக் குறி வெட்டுக்கு அப்பால் விழுந்து, "த" மட்டும் தங்கியிருக்கிறது. ஆங்கிலத்தில் சோதித்துப் பார்த்துவிட்டுப் போனவர்களின் கண்ணில் இது படவே இல்லை. ஏபிஐக்கு நீளமான தலைப்பை நேரடியாக அனுப்பினால் அந்தச் செய்தியே ஏற்கப்படாது.

எண்ணிப் பார்ப்பது எளிது. கூகுள் ஷீட்டில் தலைப்பை A1 கட்டத்தில் ஒட்டி, பக்கத்துக் கட்டத்தில் இதை எழுதுங்கள்:

```
=LEN(A1)
```

வரும் எண்ணையே கணக்கில் கொள்ளுங்கள். தோராயமாக, 11 அல்லது 12 தமிழ் எழுத்துகளைத் தாண்டினால் பொத்தான் ஆபத்தான எல்லைக்கு வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளலாம்.

நோட்டில் எழுதியிருந்த கேள்விகளிலிருந்தே மூன்று பொத்தான்களை எடுத்தோம்: "ஆர்டர் ரெடியா?" (14), "விலை கேட்க" (10), "தைக்கக் கொடுக்க" (15). அளவு பிளவுஸ் பற்றிய கேள்விக்கு உரிய பதிலை மூன்றாவது பொத்தானுக்குள் வைத்தோம். "ரெடியா" என்பதற்குப் பதில் "தயாரா" என்று வைக்கலாமே என்று எனக்கும் தோன்றியது. ஆனால் வாடிக்கையாளர் மனத்தில் ஓடும் சொல்லே பொத்தானில் இருந்தால், அவர் படித்துப் பொருள் கொள்ளத் தேவையில்லாமல் பார்த்தவுடன் தொட்டுவிடுகிறார். அதே காரணத்தால் "ரவிக்கை" என்று நான் எழுதிய இடங்களையெல்லாம் சின்னம்மா "பிளவுஸ்" என்று மாற்றச் சொன்னார், மாற்றினேன்.

பொத்தானைத் தொட்ட பிறகு வரும் வாசகத்தையும் கவனியுங்கள். ஆர்டர் பற்றிய பொத்தானைத் தொட்டால் முன்பு "தங்கள் ஆர்டர் எண்ணை உள்ளிடவும்" என்று வரும். பில் எங்கே போயிற்று என்று தெரியாத பெண்மணி அங்கேயே நின்றுவிடுவார். இப்போது, "பில்லில் உள்ள எண்ணை அனுப்புங்கள். பில் கையில் இல்லையென்றால், துணி கொடுத்த நாளும் பெயரும் போதும்" என்று வருகிறது.

மிகவும் வருத்தமாக இருந்தது பிழைச் செய்திதான். தையல் கடைக்கு எழுதுபவர்கள் கழுத்து டிசைனைப் படமாக அனுப்புவார்கள், அளவைக் குரல் செய்தியாகச் சொல்வார்கள். அவற்றுக்கெல்லாம் பாட் "தவறான தேர்வு. மீண்டும் முயற்சிக்கவும்" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தது. மகளின் நிச்சயதார்த்தத்துக்கு ஆசையாகத் தேடி எடுத்த டிசைனை அனுப்பியவருக்கு இந்தப் பதில் போயிருக்கிறது. வந்தது படமா, குரலா, எழுத்தா என்பதை வாட்ஸ்அப் பாட்டுக்குத் தெரிவிக்கிறது. எனவே படத்துக்கு, "படம் வந்துவிட்டது. பார்த்துவிட்டு மாலை 6 மணிக்குள் சொல்கிறோம்" என்றும், குரலுக்கு, "குரல் செய்தி வந்துவிட்டது. கேட்டுவிட்டுச் சொல்கிறோம்" என்றும் தனித்தனியாக வைத்தோம். வரவேற்பைத் திருத்த மட்டுமே உங்களுக்கு நேரம் இருந்தாலும், இந்தப் பிழைச் செய்தியை விட்டுவிடாதீர்கள்.

வாசகத்தில் கொடுக்கும் நேரம் காப்பாற்றக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதற்குத் தொழில்நுட்பக் காரணமும் உண்டு. ஏபிஐ வழியில், வாடிக்கையாளர் கடைசியாக எழுதியதிலிருந்து 24 மணி நேரம் வரைதான் நாம் விரும்பியபடி பதில் எழுத முடியும். அதன் பின் முன்கூட்டியே ஒப்புதல் பெற்ற மாதிரிச் செய்தியை மட்டுமே அனுப்பலாம். சனிக்கிழமை இரவு 9 மணிக்கு ஒருவர் எழுதி, ஞாயிறு விடுமுறை கழிந்து திங்கள் காலை 10 மணிக்கு நாம் பதில் தர உட்கார்ந்தால் 37 மணி நேரம் ஆகியிருக்கும், சாதாரணப் பதில் போகாது. அதனால் சனிக்கிழமை மாலைக்கு மட்டும், "நாளை கடை விடுமுறை. ஆனாலும் மாலை ஒருமுறை போனைப் பார்ப்போம், அப்போது பதில் வரும்" என்று கடைசி வரியை மாற்றினோம். ஞாயிறு மாலை பார்த்துப் பதில் தருவது என் தங்கையின் பொறுப்பு. நீங்கள் பாட் இல்லாமல் வாட்ஸ்அப் பிசினஸ் செயலியை மட்டும் பயன்படுத்தினால் இந்த 24 மணி நேரக் கட்டுப்பாடு இல்லை. அதில் உள்ள வரவேற்புச் செய்தி, முதல்முறை எழுதுபவருக்கும் 14 நாள் பேச்சில்லாமல் இருந்து திரும்ப எழுதுபவருக்கும் மட்டும் தானாகப் போகும்.

மாற்றிய பிறகும் நோட்டை மூடவில்லை. வரவேற்பு போன பின் பொத்தானைத் தொடாமல் தட்டச்சு செய்தவர்கள் என்ன எழுதினார்கள் என்று மட்டும் பார்த்தேன். "புடவைக்கு ஃபால்ஸ் அடிக்கணும்" என்பதே அதிகம் வந்தது. "தைக்கக் கொடுக்க" என்ற பொத்தானை அவர்கள் பிளவுஸுக்கு மட்டும் உரியதாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். பொத்தானில் அதைச் சேர்க்க இடமில்லாததால், வரவேற்பின் மூன்றாவது வாக்கியத்தை, "பிளவுஸ், சுடிதார், ஃபால்ஸ் எதுவானாலும் கீழே தொடுங்கள்" என்று மாற்றினோம். இப்போது அந்தக் கடையில் ஓடிக்கொண்டிருப்பது இந்த வாசகம்தான்.