ஸ்டார் சார்ட் ஒரு வாரத்துலயே ஏன் படுத்துடுது?

"மேடம், நான் கடலூர் மஞ்சக்குப்பம் பக்கம் ஒரு ஸ்கூல்ல ஒண்ணாம் கிளாஸ் எடுக்குறேன். ஒரு பையன் எழுதுற நேரத்துல சீட்லயே இருக்க மாட்டேங்குறான். சுவத்துல ஸ்டார் சார்ட் ஒட்டி, 20 ஸ்டார் வந்தா வெள்ளிக்கிழமை கிஃப்ட்னு சொன்னேன், சேட்டை பண்ணா ஒரு ஸ்டார கிழிச்சிடுவேன். முதல் வாரம் நல்லா இருந்தான், இப்ப 'எனக்கு ஸ்டாரே வேணாம் மிஸ்'ங்குறான். என்ன பண்றது?"

டீச்சர், முதல்ல அந்த கிழிக்கிறத நிறுத்துங்க. சம்பாதிச்ச ஸ்டார் போச்சுன்னா ஆறு வயசு பையனுக்கு கணக்கு ரொம்ப சிம்பிள், எப்படியும் போகப்போகுது, அப்புறம் எதுக்கு உக்காரணும். திங்கக்கிழமையே ரெண்டு ஸ்டார் போயிட்டா மிச்ச நாலு நாளும் அவனுக்கு அந்த சார்ட்டால ஒரு உபயோகமும் இல்ல. 'வேணாம்'னு சொல்றது திமிரு இல்ல, தோத்துட்டோம்னு தெரிஞ்சதும் மானத்த காப்பாத்திக்க சொல்றான் அவ்ளோதான். சேட்டை பண்ணா அந்த நேரத்துக்கு ஸ்டார் வராது, அதுவே போதும், வாங்குனது வாங்குனதுதான்.

ரெண்டாவது, வெள்ளிக்கிழமைங்குறது அந்த வயசுக்கு ரொம்ப தூரம். பரிசு அன்னன்னைக்கே முடியணும்.

இப்ப புதுசா எப்படி போடுறதுன்னு பாப்போம். மூணு நாள் சார்ட் எதுவும் வேணாம், அவன் எழுத உக்காந்ததுலேர்ந்து எந்திரிக்கிற வரைக்கும் எத்தன நிமிஷம்னு மட்டும் வாட்ச் பாத்து குறிச்சு வைங்க. 3, 6, 4 நிமிஷம்னு வருதுன்னு வச்சுக்கோங்க, சுமாரா நாலு. அப்ப டார்கெட்டும் நாலு நிமிஷம்தான், நாப்பது நிமிஷ பீரியட் முழுக்க இல்ல. நிறைய பேர் சறுக்குறது இங்கதான், புள்ள இப்ப எங்க இருக்கான்னு பாக்காம நமக்கு எங்க வேணுமோ அங்க கோட்ட போட்டுடுறோம். மொத நாளே அவன் ஜெயிக்கணும், இல்லன்னா சார்ட்டு மேல நம்பிக்கையே வராது.

நாள் முழுக்க ஓட்டாதீங்க, இன்டர்வெல் முடிஞ்சு தமிழ் எழுதுற 20 நிமிஷம் மட்டும் எடுத்துக்கோங்க. நாலு நாலு நிமிஷமா அஞ்சு கட்டம், அஞ்சுல மூணு ஸ்டார் வந்தா அன்னைக்கு பரிசு. 'குட் பாயா இருக்கணும்'னு எழுதாதீங்க, அதுல என்ன செய்யணும்னு அவனுக்கு புரியாது. 'சீட்ல உக்காந்து எழுதுறேன்', அவ்ளோதான். ஸ்டார் ஒட்டும்போதும் வெறும் சூப்பர்னு சொல்லாம 'உக்காந்தே ஒரு வரி முடிச்சிட்ட'ன்னு பாத்தத சொல்லி அந்த நிமிஷமே ஒட்டுங்க, பீரியட் முடிஞ்சு மொத்தமா ஒட்டுனா எதுக்கு வந்துச்சுன்னே தெரியாது.

சார்ட்ட சுவத்துலேர்ந்து எடுத்து அவன் நோட்டோட உள் அட்டையில ஒட்டிடுங்க, வர்ற போற பேரன்ட்ஸ்லாம் காலி கட்டத்த எண்ண வேணாம்.

பரிசுக்கு காசு தேவையில்ல. அட்டென்டன்ஸ் ரெஜிஸ்டர ஹெச்எம் ரூமுக்கு கொண்டு போறது, கலர் சாக்பீஸ்ல போர்டுல அஞ்சு நிமிஷம் வரையறது, லஞ்ச் பெல் அடிக்கிறது, இப்படி மூணு சொல்லி அவனையே எடுக்க விடுங்க. ஸ்டிக்கர் பாண்டிச்சேரி சண்டே மார்க்கெட்ல வாங்குனாலும் சரி, பேனால வரைஞ்சாலும் சரி. ஒரே பரிசு சலிச்சுடும், ஆர்வம் குறையுற மாதிரி தெரிஞ்சா லிஸ்ட்ட மாத்துங்க.

தொடர்ந்து மூணு நாள் ஜெயிச்சா நாலு நிமிஷத்த அஞ்சாக்குங்க, ஒரேயடியா பத்துக்கு தாவாதீங்க. ரெண்டு நாள் தொடர்ந்து தோத்தா பழையபடி நாலுக்கே இறங்கிடுங்க. நம்ம ஊர்ல ஐப்பசி கார்த்திகைல மழை லீவு விட்டுக்கிட்டே இருப்பாங்க, நாலஞ்சு நாள் கேப் விழுந்தா திரும்பி வர்ற அன்னைக்கும் ஒரு படி கீழ ஆரம்பிங்க. பத்து நிமிஷம் தாராளமா உக்காந்தான்னா பரிச ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆக்கி, பாராட்ட மட்டும் விடாம மெல்ல சார்ட்ட எடுத்துடலாம். டக்குனு நிறுத்துனா பழைய ஆட்டம் திரும்ப வர நிறைய சான்ஸ் இருக்கு.

இன்னொன்னு கவனிச்சு சொல்லுங்க, டிராயிங் பீரியட்ல, கதை சொல்லும்போதெல்லாம் உக்காந்திருக்கானா? அங்க உக்காந்து எழுதும்போது மட்டும் எந்திரிக்கிறான்னா அவனுக்கு எழுதுறதே கஷ்டமா இருக்கலாம், பென்சில் பிடி சரியில்லாம கை வலிக்கலாம், போர்டு கண்ணுக்கு தெரியாம இருக்கலாம். அப்படின்னா எத்தன ஸ்டார் ஒட்டுனாலும் நடக்காது, வேலைய பாதியா குறைச்சு பாருங்க, முன் பெஞ்சுல உக்கார வச்சு பாருங்க, வீட்ல சொல்லி கண்ணு டெஸ்ட் பண்ண சொல்லுங்க. சார்ட்ட அதுக்கப்புறம் எடுக்கலாம்.