கூட்டமும் இரைச்சலும் ஆளையே முடக்கிப்போடுகின்றனவே, என்ன செய்வது?

"எனக்கு 36 வயது. கூடுவாஞ்சேரியிலிருந்து நுங்கம்பாக்கத்துக்கு மின்சார ரயிலில் தினமும் வேலைக்குப் போய்வருகிறேன். சாயங்காலம் வீடு திரும்பியதும் குழந்தை 'அம்மா' என்று கூப்பிட்டாலே எரிச்சல் வருகிறது. மிக்ஸி சத்தம்கூடத் தாங்கவில்லை. சின்ன வயதிலிருந்தே கல்யாண மண்டபம், திருவிழா என்றால் ஓரமாக ஒதுங்கிவிடுவேன். அதிக உணர்திறன் உள்ளவர்கள் என்று ஒரு வகையினர் உண்டு என்று படித்தேன். இது நோயா டாக்டர்? மாத்திரை தேவைப்படுமா?"

நோய் இல்லை, மாத்திரையும் இல்லை. அமெரிக்க உளவியலாளர் எலைன் ஏரன் 1990களில் விவரித்த ஒரு மனித இயல்பு இது. ஒரே ஒலியையும் வெளிச்சத்தையும் வாசனையையும் சிலருடைய மூளை கூடுதல் ஆழமாக அலசுகிறது. அடுத்தவர் முகம் லேசாக வாடியிருந்தாலும் உங்களுக்குத் தெரிந்துவிடுமே, அதுவும் இதே இயல்பின் இன்னொரு பக்கம்தான். நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் பட்டது 'சின்ன வயதிலிருந்தே' என்ற சொல். கூட்டம் பிடிக்காமல் போனது இந்த ஆறு மாதமாகத்தான் என்று எழுதியிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்த பிறகு வெடிப்பதால், பிரச்சினை வீட்டில் இருப்பதாக உங்களுக்குத் தோன்றுகிறது. அது காலை ரயிலிலேயே தொடங்கிவிடுகிறது. நெரிசலில் நிற்கும்போது உடல் தன்னை அறியாமல் காவலுக்கு நிற்கிறது: தோள் மேலேறும், பல் கடிபடும், மூச்சு மேல்நெஞ்சோடு நின்றுவிடும். அது தணியுமுன் அலுவலகம், கேன்டீன் இரைச்சல், திரும்ப அதே ரயில். ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிய சுமை, பயமில்லாமல் இறக்கிவைக்க முடிந்த இடத்தில் இறங்குகிறது. அந்த இடம் பாவம், உங்கள் குழந்தை.

அதனால் ஓய்வைச் சாயங்காலம்வரை தள்ளிப்போடாதீர்கள். மதியம் சாப்பிட்ட பிறகு 10 நிமிடம் தனியாக இருங்கள். கேன்டீனில் வேண்டாம், மாடிப்படி, வண்டி நிறுத்துமிடத்தின் ஓரம், யாருமில்லாத மீட்டிங் அறை, எதுவாயினும் சரி. போனைக் கையில் எடுக்காதீர்கள். வீடியோக்களைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பது ஓய்வு போலத் தோன்றும். மூளைக்கு அதுவும் ஒரு கூட்டம்தான்.

அந்த 10 நிமிடத்தில் 5 நிமிடம் மூச்சுப் பயிற்சி செய்யலாம். மூக்கு வழியாக 4 எண்ணும்வரை இழுத்து, 6 எண்ணும்வரை மெல்ல விடுங்கள். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு சற்றுக் குறையும், உடலின் காவல் தளரும். பலர் செய்யும் தவறு, நெஞ்சு நிறைய இழுப்பது. அப்படிச் செய்தால் ரத்தத்தில் கரியமிலவாயு குறைந்து தலை லேசாகும், விரல் நுனி மரத்ததுபோல இருக்கும்; பதற்றம் கூடிவிட்டதென்று பயந்து நிறுத்திவிடுவார்கள். சாதாரண அளவு மூச்சே போதும், விடுவதை மட்டும் நீட்டுங்கள்.

ரயிலுக்கு இரண்டு யோசனைகள். கூடுவாஞ்சேரியில் வரும்போதே நிரம்பியிருக்கும் வண்டியில் நுங்கம்பாக்கம்வரை நிற்பதைவிட, தாம்பரத்தில் இறங்கி அங்கிருந்தே கிளம்பும் கடற்கரை வண்டியில் ஏறிப் பாருங்கள். கொஞ்ச நேரம் கூடுதலாகும். உட்கார இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம். ஜன்னலோரம் கிடைத்தால் ஒரு பக்கமாவது யாரும் உரச மாட்டார்கள். அதுவே உங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய இளைப்பாறல்.

இன்னொன்று, மருந்துக்கடையில் கிடைக்கும் பஞ்சுபோன்ற ஃபோம் காதடைப்பான். 'போட்டுப் பார்த்தேன், பயனில்லை' என்பவர்களில் பெரும்பாலோர் அதைக் காது வாசலில் செருகியிருப்பார்கள். சுத்தமான விரல்களால் அதை மெல்லிய திரிபோல உருட்டுங்கள். மற்றக் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்தால் காதுத் துவாரம் நேராகும். திரியை உள்ளே விட்டு, அது விரிந்து அடைக்கும்வரை 30 நொடி விரலால் பிடித்திருங்கள். சரியாக உட்கார்ந்திருந்தால் உங்கள் குரலே உங்களுக்குக் குடத்துக்குள்ளிருந்து வருவதுபோலக் கேட்கும். உட்காரவில்லையென்றால், அட்டையில் 33 டெசிபல் குறையும் என்று போட்டிருந்தாலும் அதில் பாதிகூடக் கிடைக்காது. இரைச்சலைக் குறைக்கும் ஹெட்போன் வாங்க நினைத்தால், ரயிலின் தொடர் இரைச்சலை அது நன்றாக அடக்கும். ஹாரனையும் பக்கத்தில் பேசுகிறவர் குரலையும் அந்த அளவுக்கு அடக்காது.

இறங்குவதற்கு ஒரு ஸ்டேஷன் முன்பே காதடைப்பானைக் கழற்றிவிடுங்கள். தண்டவாளம் பக்கமும் ரோட்டிலும் காது திறந்திருக்க வேண்டும். வீட்டிலும் அதைப் போட்டுக்கொண்டு உலாவாதீர்கள். நாள் முழுக்க அமைதிக்குப் பழகிய மூளை, ரேடியோவின் வால்யூமைத் திருகுவதுபோலத் தன் கேட்கும் கூர்மையைக் கூட்டிக்கொள்ளும். பிறகு கரண்டி விழும் சத்தம்கூட வலிக்கும். மிக்ஸிக்குப் பயந்து தினமும் காதை அடைத்தால் அங்கேதான் போய் நிற்பீர்கள்.

வீடு சேர்ந்ததும் 20 நிமிடம் உங்களுக்கு வேண்டும். குழந்தையைத் தாண்டிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தாதீர்கள். அது பின்னாலேயே வந்து தட்டும், எரிச்சல் இரட்டிப்பாகும். முதல் இரண்டு நிமிடம் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கடிகாரத்தைக் காட்டி, 'பெரிய முள் இங்கே வந்ததும் அம்மா வந்துவிடுவேன்' என்று சொல்லிவிட்டுப் போங்கள், சொன்னபடி வாருங்கள். அந்த நேரம் வீட்டுக்காரரோ மாமியாரோ குழந்தையைப் பார்த்துக்கொள்ளட்டும். தனி அறை இல்லாத வீட்டில் குளியலறையே போதும். வெதுவெதுப்பான நீரில் நிதானமாகக் குளித்து, ரயிலில் கட்டியிருந்த உடையை மாற்றி, டியூப்லைட்டை அணைத்துவிட்டுப் படுங்கள். மிக்ஸி போடும் வேலையைக் காலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மதியம் இரண்டு மணிக்கு மேல் காபி வேண்டாம். அதன் வீரியம் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் பிடிக்கும், தூக்கம் கெட்டால் மறுநாள் காலை ரயிலிலேயே பொறுமை தீர்ந்துவிடும்.

நிரம்பி வழிவதற்கு முன்பே உடல் சொல்லும் அடையாளம் ஆளுக்கு ஆள் வேறு. சிலருக்குத் தாடை வலிக்கும். சிலர் ஒரே வரியை மூன்று முறை படிப்பார்கள். வழக்கமாகப் பிடிக்கும் மல்லிகைப்பூ வாசம் திடீரென்று குமட்டும். உங்களுடைய அடையாளம் எது, எத்தனை மணிக்கு வருகிறது என்று இரண்டு வாரம் குறித்து வையுங்கள். பிற்பகல் மூன்று மணிக்கே வருகிறதென்றால், அந்த 10 நிமிடத்தை இன்னும் ஒரு முறை, மூன்றுக்கு முன்பே எடுக்க வேண்டும். கூட்டத்துக்குப் போவதையே நிறுத்திவிடாதீர்கள். ஒதுங்க ஒதுங்க, சின்ன மளிகைக்கடைகூடப் பெருங்கூட்டமாகத் தெரியத் தொடங்கும்.

இதையெல்லாம் செய்தும் சமீபமாகக் கூடிக்கொண்டே போகிறது என்றால், ஹீமோகுளோபினும் தைராய்டுக்கான டி.எஸ்.எச். பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். கை நடுக்கம், படபடப்பு, காரணமில்லாத எடைக் குறைவு இருந்தால் தைராய்டைச் சந்தேகிக்க வேண்டும். சத்தத்தோடு வெளிச்சமும் உறுத்தி, ஒருபக்கத் தலைவலியும் குமட்டலும் வந்தால் அது ஒற்றைத் தலைவலியாக இருக்கலாம். அதற்கு நல்ல மருந்துகள் உண்டு. ஒலி காதில் வலியாகவே தைத்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். ரயிலில் திடீரென்று நெஞ்சு அடைத்து, செத்துவிடுவோமோ என்ற பயம் பிடித்தாலோ, அதற்குப் பயந்து வேலைக்கு லீவு போட ஆரம்பித்தாலோ, தள்ளிப்போடாமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். முதல்முறை அப்படி நெஞ்சு அடைக்கும்போது மட்டும், பயம்தான் காரணம் என்று நீங்களாக முடிவு செய்யாமல் அன்றே ஒரு ஈ.சி.ஜி. எடுத்துவிடுங்கள்.